31ஆம் தேதி காணாமல் போன பால்: ஒரு லூப் பிழையின் நிகழ்வு ஆய்வு

பாளையங்கோட்டையில் ஒரு சிறிய கணினிப் பயிற்சி மையத்தில் ஜாவா சொல்லிக்கொடுக்கிறேன். 2023 ஜூலை கடைசியிலும் ஆகஸ்ட் முதல் பாதியிலும் என்னிடம் படித்த ஒரு மாணவரின் நிரலில் நடந்ததை இங்கே பதிவு செய்கிறேன். ஊரையும் ஆட்களையும் பெயர் சொல்லிக் குறிப்பிடவில்லை. பிழை மிகச் சாதாரணமானது, ஒரே ஓர் எண் வித்தியாசம். ஆனால் அதனால் 64 வீடுகளுக்குப் பால் காசு குறைந்தது. அதைச் சரிசெய்வதாக நினைத்துச் செய்த திருத்தம்தான் அந்தக் குறைவுக்குக் காரணம் என்பதால் இதை விரிவாக எழுதத் தோன்றியது.

## பின்னணி

சேரன்மகாதேவிப் பக்கம், கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் உள்ள ஒரு கிராமம். அங்கே ஒருவர் தனியாகப் பால் சேகரிப்பு நிலையம் நடத்துகிறார். ஊரில் எல்லாரும் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். காலையும் மாலையும் பால் ஊற்றுகிறவர்கள் 64 பேர். ஊற்றிய லிட்டரை நிலையத்துப் பேரேட்டிலும் அவரவர் பால் அட்டையிலும் எழுதுவார்கள். பத்து நாளுக்கு ஒரு தடவை கணக்குப் பார்த்துப் பணம் கொடுப்பது வழக்கம். 1 முதல் 10 வரை ஒரு பில், 11 முதல் 20 வரை ஒரு பில், 21 முதல் மாதக் கடைசி வரை ஒரு பில்.

கையால் கூட்டிப் போடும் வேலையைக் குறைக்க, அண்ணாச்சியின் உறவுக்காரப் பையன் ஜாவாவில் ஒரு சிறிய நிரல் எழுதிக் கொடுத்தான். அவன்தான் என் மாணவன். நிரல் ஜூன் 1ஆம் தேதி முதல் பயன்பாட்டுக்கு வந்தது. தினசரி லிட்டர் கணக்கு ஒரு கோப்பில் இருக்கும். நிரல் ஒவ்வோர் உறுப்பினருக்கும் அந்தந்த நாளின் லிட்டரைப் படித்து ஓர் அரேயில் வைத்து, கூட்டி, லிட்டருக்கு 34 ரூபாய் என்று பெருக்கி பில் போடும். மையமான பகுதி இது:

```java
double[] litres = new double[10];
for (int day = from; day <= to; day++) {
    litres[day - from] = read(member, day);
}
```

ஜூனுக்கு 30 நாள். மூன்று பில்லுக்கும் சரியாகப் பத்துப் பத்து நாள். ஜூலையின் முதல் இரண்டு பில்களும் அப்படியே. ஆக ஐந்து பில்கள் பேரேட்டோடு பைசா பிசகாமல் ஒத்துப்போயின. "பத்து நாள் பில்" என்று ஊரே சொல்லும்போது அரேயின் நீளத்தைப் 10 என்று எழுதுவது யாருக்கும் தவறாகத் தோன்றாது. சொல் வழக்கு அப்படியே நிரலுக்குள் எண்ணாக இறங்கிவிட்டது.

## ஜூலை 31: நிரல் நின்றது

ஜூலை 31 இரவு, 21 முதல் 31 வரையான பில்லை ஓட்டியபோது ஒரு பில்கூட வெளிவரவில்லை. திரையில் வந்தது இது:

```
Exception in thread "main" java.lang.ArrayIndexOutOfBoundsException:
Index 10 out of bounds for length 10
    at BillMaker.main(BillMaker.java:42)
```

இந்தச் செய்தியிலேயே பாதி விடை இருக்கிறது. அரேயின் நீளம் 10, அதனால் செல்லுபடியாகும் இன்டெக்ஸ் 0 முதல் 9 வரை. நிரல் கேட்டது 10. கேட்ட இன்டெக்ஸும் நீளமும் ஒரே எண்ணாக இருந்தால், லூப் விளிம்பைத் தாண்டி ஒரே ஓர் அடி எடுத்து வைத்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். -1 என்று வந்திருந்தால் வேறு இடத்தில் தேட வேண்டும். முதல் உறுப்பில் நின்றுகொண்டு அதற்கு முந்தியதைக் கேட்டிருக்கலாம், அல்லது தேடிக் கிடைக்காத ஒன்றின் இடமாக வந்த -1ஐ அப்படியே பயன்படுத்தியிருக்கலாம். இந்த விவரமான வாக்கியம் ஜாவா 11 முதல்தான் வருகிறது. ஜாவா 8இல் வெறும் `10` என்று மட்டும் வரும், நீளத்தை நாமே போய்ப் பார்க்க வேண்டும்.

மாணவன் மறுநாள் காலையில் செய்த திருத்தம்: `day <= to` என்பதை `day < to` என்று மாற்றினான். பழைய வரியை அழிக்காமல் கமென்ட்டாக வைத்திருந்தான், அது பின்னால் மிகவும் உதவியது. நிரல் ஓடியது, எக்ஸெப்ஷன் வரவில்லை, 64 பில்லும் அச்சாயின.

ஏன் அப்படி மாற்றினான் என்று பிறகு கேட்டேன். "அரே லூப்ல `<=` போட்டா ஒண்ணு தாண்டிப் போயிரும், `<` தான் போடணும்னு நீங்கதான சார் சொல்லிக் கொடுத்தீங்க" என்றான். உண்மைதான், வகுப்பில் நான் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். எப்போது அந்த விதி பொருந்தும் என்பதைச் சொல்லாமல் விட்டிருக்கிறேன். அந்தப் பொறுப்பு என்னுடையது.

## ஆகஸ்ட் 2 முதல் 12 வரை: அட்டையோடு வந்த ஆச்சி

ஆகஸ்ட் 2ஆம் தேதி பணம் பட்டுவாடா நடந்தது. நாலைந்து பேர் 31ஆம் தேதிப் பால் பில்லில் இல்லையே என்று கேட்டிருக்கிறார்கள். பத்து நாள் பில் என்பதால் பதினோராவது நாள் அடுத்த பில்லில் சேர்ந்து வரும் என்று அண்ணாச்சி சொல்லி அனுப்பியிருக்கிறார். அவர் ஏமாற்றுவதற்காகச் சொல்லவில்லை. நிரல் அப்படித்தான் வேலை செய்கிறது என்று உண்மையிலேயே நினைத்தார். கேட்டவர்களுக்கும் அது நியாயமாகப் பட்டது.

அடுத்த பில் ஆகஸ்ட் 1 முதல் 10 வரை. 12ஆம் தேதி ஓர் ஆச்சி அட்டையோடு வந்து நின்றார். இரண்டு மாடு வைத்திருப்பவர். அவர் அட்டையில் அந்தப் பத்து நாளும் இப்படி இருந்தது: 8.5, 8.0, 8.5, 9.0, 8.5, 8.0, 8.5, 8.5, 9.0, 8.5. கூட்டினால் 85.0 லிட்டர். பில்லில் இருந்தது 76.5. "போன தடவை 31ஆம் தேதிய அடுத்த பில்லுல தாறேன்னீரு. அதுவும் வரல, இப்ப பத்தாந்தேதிப் பாலையும் காணோம்" என்று அவர் சொன்னதும், அண்ணாச்சி அவர் எதிரிலேயே பேரேட்டை எடுத்துக் கூட்டிப் பார்த்தார். ஆச்சி சொன்னதுதான் சரி. வேறு மூன்று பேர் பில்லையும் பார்த்தார். எல்லாவற்றிலும் கடைசி நாள் இல்லை.

அன்று மாலையே அண்ணாச்சி பில் போடுவதை நிறுத்திவிட்டு, பையனை என்னிடம் அனுப்பினார். காரணம் தெரியும்வரை அடுத்த பில் கையால் போடுவது என்று அவர் எடுத்த முடிவு நல்ல முடிவு. அவசரத்தில் இன்னொரு திருத்தம் செய்திருந்தால் கணக்கு இன்னும் குழம்பியிருக்கும்.

## ஆகஸ்ட் 13: டீபக்கரோடு உட்கார்ந்தது

குறியீட்டைப் பார்த்ததுமே எனக்குச் சந்தேகம் எங்கே என்று தெரிந்தது. ஆனாலும் சொல்லவில்லை. ஏற்கெனவே ஒரு தடவை ஊகத்தில் மாற்றித்தான் இங்கே வந்து நிற்கிறோம். அதனால் எக்லிப்ஸில் டீபக்கரைப் போட்டு, ஒவ்வொரு வரியாக நடத்தி, கண்ணால் பார்த்த பிறகே எதையும் தொடுவது என்று முடிவு செய்தோம்.

லூப்பின் உள் வரியில் இடது ஓரத்தில் இரட்டைச் சொடுக்கு செய்து பிரேக்பாயின்ட் வைத்தோம். 64 பேருக்கும் நிற்க வேண்டாம், ஆச்சி 17ஆம் எண். அதனால் பிரேக்பாயின்ட்டின் பண்புகளில் `member == 17` என்று நிபந்தனை கொடுத்தோம். F11 அழுத்தி ஓட்டியதும் நிரல் அந்த வரியில் நின்றது. வேரியபிள்ஸ் பலகையில் `from` 1, `to` 10, `day` 1. `litres` அரேயை விரித்தால் பத்து இடத்திலும் 0.0.

மாணவன் உடனே, "சார், 1ஆம் தேதிக்கே 0 தான் வருது, படிக்கிற இடத்துலதான் தப்பு" என்றான். புதிதாக டீபக்கர் பழகுகிற எல்லாரும் தடுமாறும் இடம் இது. நிறமிட்டுக் காட்டப்படும் வரி இனிமேல்தான் ஓடப்போகிறது, ஓடி முடிந்த வரி அல்ல. இதைச் சரியாகப் புரிந்துகொள்ளாவிட்டால், ஒன்று தள்ளிப்போன பிழையைத் தேடும்போது நம் பார்வையே ஓர் அடி தள்ளிப்போய்விடும். F6 அழுத்தி அந்த வரியைத் தாண்டியதும் `[0]` 8.5 ஆனது, மதிப்பு மாறிய இடம் தனி நிறத்தில் தெரிந்தது.

அப்புறம் ஒவ்வொரு நாளுக்கும் இரண்டு F6: ஒன்று உள் வரியைத் தாண்ட, ஒன்று `for` வரியைத் தாண்ட. ஒவ்வொன்றையும் அட்டையோடு ஒப்பிட்டு ஒரு தாளில் எழுதிக்கொண்டே போனோம். `day` 9 வந்தது, `[8]` 9.0 ஆனது. மீண்டும் `for` வரி. F6 அழுத்தியதும் நிரல் உள்ளே போகாமல் லூப்பை விட்டு வெளியே வந்துவிட்டது. `[9]` இன்னும் 0.0.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. `day` எப்போது 10 ஆனது என்பதை நாங்கள் பார்க்கவே இல்லை. `for` வரியில் நிற்கும்போது அது 9. அந்த ஒரே வரிக்குள் 10 ஆகி, `10 < 10` என்ற சோதனையில் தோற்று, லூப் முடிந்து, `day` என்ற மாறியே பலகையிலிருந்து மறைந்துவிட்டது. `for`க்குள் அறிவித்த மாறி லூப்போடு போய்விடும். அதனால் `int day;` என்பதை லூப்புக்கு மேலே எடுத்து எழுதி மறுபடி ஓட்டினோம். இப்போது லூப் முடிந்த பிறகும் `day` 10 என்று பலகையில் இருந்தது. பத்தாம் தேதி வாசல்வரை வந்திருக்கிறது, உள்ளே விடப்படவில்லை. சாட்சி கையில் கிடைத்தது.

இன்னொரு சோதனையும் செய்தோம். பிரேக்பாயின்ட்டின் நிபந்தனையை `day == to` என்று மாற்றி ஓட்டினோம். 64 பேருக்கும் ஓடி முடித்து ஒரு தடவைகூட நிற்கவில்லை. ஆச்சிக்கு மட்டும் நேர்ந்த தவறல்ல, யாருக்குமே கடைசி நாள் படிக்கப்படவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டியதில்லை.

## பழைய எக்ஸெப்ஷனுக்குத் திரும்பியது

கமென்ட்டாக இருந்த பழைய வரியைத் திரும்பக் கொண்டுவந்து, ஜூலை 21 முதல் 31 வரை டீபக் முறையில் ஓட்டினோம். பிடிக்கப்படாத எக்ஸெப்ஷன் வந்தால் எக்லிப்ஸ் இயல்பான அமைப்பில் அந்த இடத்திலேயே நின்றுவிடும், நின்றது. `from` 21, `day` 31, `day - from` 10, அரேயின் நீளம் 10. பலகையில் அரேயின் பத்து இடமும் நிரம்பியிருந்தன, 30ஆம் தேதிவரை.

மாணவனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டேன்: 21 முதல் 31 வரை எத்தனை நாள்? "பத்து" என்றான் உடனே. விரல் விட்டு எண்ணச் சொன்னேன். எண்ணி முடித்து அமைதியாக இருந்தான்.

நம் பேச்சிலேயே இரண்டு வகை எண்ணிக்கையும் உண்டு. வெள்ளிக்கிழமையிலிருந்து அடுத்த வெள்ளியை "எட்டாம் நாள்" என்கிறோம், இரண்டு வாரத்தைப் "பதினைந்து நாள்" என்கிறோம். இரண்டு முனையையும் சேர்த்து எண்ணும் வழக்கம் அது. கழித்துப் பார்த்தால் 7, 14 தான் வரும். பால் கணக்கில் 21ஆம் தேதியும் பால் உண்டு, 31ஆம் தேதியும் பால் உண்டு. எனவே நாள் எண்ணிக்கை `to - from + 1`, அதாவது 11.

ஆக லூப் முதலிலிருந்தே சரி. `day` என்பது தேதி, `to` என்பது கணக்கில் சேர வேண்டிய கடைசித் தேதி, அதற்கு `<=` தான் பொருத்தம். தவறு அரேயின் நீளத்தில் இருந்தது. `<` என்ற விதி, எல்லை ஓர் எண்ணிக்கையாக இருக்கும்போது பொருந்துவது: `i < litres.length` என்பதில் `length` எத்தனை இடம் என்ற எண்ணிக்கை, கடைசி இடம் அல்ல. எல்லையாக நிற்கும் மாறி எண்ணிக்கையா, கடைசி மதிப்பா என்று கேட்காமல் குறியை மட்டும் மாற்றியதால், கத்திய பிழை ஊமைப் பிழையாக மாறியது.

அது ஊமையானதற்கு ஜாவாவின் இயல்பும் ஒரு காரணம். புதிய `double` அரேயின் எல்லா இடத்தையும் ஜாவா 0.0 என்று நிரப்பித்தான் தரும். படிக்கப்படாத நாளும், மாடு வற்றிப்போய்ப் பால் ஊற்றாத நாளும் அரேயில் ஒரே மாதிரி தெரியும். கூட்டும் லூப்புக்கு வித்தியாசம் தெரியாது.

## திருத்தமும், அதே வாக்கியத்தோடு வந்த இரண்டாவது பிழையும்

தேதியையும் இன்டெக்ஸையும் ஒரே மாறியில் சுமக்க வேண்டாம் என்று முடிவு செய்தோம். நாள் எண்ணிக்கையை ஒரு தடவை கணக்கிட்டு, அதையே நீளமாகவும் எல்லையாகவும் வைத்தோம்:

```java
int n = to - from + 1;
double[] litres = new double[n];
for (int i = 0; i < n; i++) {
    litres[i] = read(member, from + i);
}
```

மாணவன் நிரலில் மற்ற இடங்களில் இருந்த 10, 9 ஆகியவற்றையெல்லாம் `litres.length` என்று மாற்றினான். ஆகஸ்ட் 1 முதல் 10 வரை ஓட்டினோம். திரையில் அதே வாக்கியம்: `Index 10 out of bounds for length 10`. "பழைய தப்பே திரும்ப வந்துட்டு சார்" என்று சோர்ந்துபோனான்.

வாக்கியம் ஒன்றுதான், ஆனால் அடுத்த வரியில் 42க்குப் பதிலாக 53 என்று இருந்தது. அது வேறு லூப். ஒரு நாளைவிட மறுநாள் 3 லிட்டருக்கு மேல் கூடியிருந்தால், எழுதியதில் பிழை இருக்கலாம் என்று எச்சரிக்கும் பகுதி:

```java
for (int i = 0; i < litres.length; i++) {
    if (litres[i + 1] - litres[i] > 3) warn(member, i);
}
```

முன்பு அங்கே `i < 9` என்று இருந்தது. டீபக்கர் நின்ற இடத்தில் `i` 9, கேட்டது `litres[10]`. பத்து நாளுக்கு இடையே ஒப்பீடுகள் ஒன்பதுதான். வரப்பில் பத்துக் கல் நட்டால் நடுவே ஒன்பது இடைவெளி. அந்த 9 என்ற எண் "கடைசி இன்டெக்ஸ்" என்ற பொருளில் அல்ல, "ஒப்பீடுகளின் எண்ணிக்கை" என்ற பொருளில் நின்றது. `i < litres.length - 1` என்று மாற்றியதும் சரியானது. நிரலில் எண்களை மாற்றும்போது, ஒவ்வோர் எண்ணும் எதை எண்ணுகிறது என்று தனித்தனியாகக் கேட்டிருக்க வேண்டும். மொத்தமாகத் தேடி மாற்றியதில் நானும் கவனிக்காமல் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.

எக்ஸெப்ஷனை `try`–`catch` போட்டுப் பிடித்துவிடலாமா என்றும் மாணவன் கேட்டான். வேண்டாம் என்றேன். ஜூலை 31 இரவு நிரல் நின்றதால்தான் ஒரு தவறான பில்லும் வெளியே போகவில்லை. மறுநாள் அதை நிற்காமல் ஓட வைத்ததால்தான் 64 தவறான பில்கள் போயின.

## விளைவு

ஜூலை 21–31, ஆகஸ்ட் 1–10 ஆகிய இரண்டு பில்களையும் மறுபடி ஓட்டி, 64 பேருக்கும் பேரேட்டோடு சரிபார்த்தோம். விடுபட்டது ஜூலை 31ஆம் தேதிப் பால் 412.5 லிட்டர், ஆகஸ்ட் 10ஆம் தேதிப் பால் 420 லிட்டர். மொத்தம் 832.5 லிட்டர், 34 ரூபாய் வீதம் 28,305 ரூபாய். ஆச்சிக்கு வர வேண்டியது 8.0, 8.5 சேர்த்து 16.5 லிட்டருக்கு 561 ரூபாய். ஆகஸ்ட் 11–20 பில்லோடு எல்லாருக்கும் பாக்கி தீர்க்கப்பட்டது. 31ஆம் தேதிப் பால் அடுத்த பில்லில் வரும் என்று தான் சொன்னது தவறு என்பதை அண்ணாச்சி, கேட்டவர்களிடம் நேரிலேயே சொன்னார்.

## இனி என்ன மாறும்

பில் ஓட்டும் முன் நான்கு நீளத்துக்கும் சோதனை ஓட்டம் உண்டு: 21 முதல் 28, 29, 30, 31 வரை, அதாவது 8, 9, 10, 11 நாள். பழைய நிரல் அப்படியே இருந்திருந்தால் பிப்ரவரியில் எக்ஸெப்ஷன் வந்திருக்காது. ஆனால் பத்து இட அரேயில் கடைசியில் ஓர் இடமோ இரண்டு இடமோ 0.0 ஆகவே நின்றிருக்கும். அரேயை முதலில் `Double.NaN` என்று நிரப்பிவிட்டுப் பிறகு படிக்கும்படியும் மாற்றினோம். ஓர் இடம் படிக்கப்படாமல் விடுபட்டால் மொத்தமே `NaN` என்று வந்துவிடும், 0 என்று ஒளிந்துகொள்ளாது.

வகுப்பில் நான் சொல்லிக்கொடுக்கும் முறையையும் மாற்றிக்கொண்டேன். `<` தான் போட வேண்டும் என்று இப்போது சொல்வதில்லை. லூப்பை எழுதியதும் முதல் சுற்றிலும் கடைசிச் சுற்றிலும் டீபக்கரை நிறுத்தி, இன்டெக்ஸ் என்ன, நீளம் என்ன என்று தாளில் எழுதிக் காட்டச் சொல்கிறேன். நடுவில் உள்ள சுற்றுகளை F8 போட்டுத் தாண்டிவிடலாம். இந்த வகைப் பிழை பெரும்பாலும் இரண்டு முனையில்தான் இருக்கிறது.

பில் தாளிலும் ஒரு வரி கூடியிருக்கிறது. மொத்த லிட்டருக்கு மேலே, முதல் நாளின் தேதியும் லிட்டரும், கடைசி நாளின் தேதியும் லிட்டரும் அச்சாகின்றன. ஆகஸ்ட் 21–31 பில் வந்தபோது ஆச்சி அந்த வரியைத்தான் முதலில் அட்டையோடு வைத்துப் பார்த்தாராம்: 31ஆம் தேதி, 8.5 லிட்டர்.